ஸ்கேன் சொல்லும் எடை

அணுபுரத்திலோ கல்பாக்கத்திலோ ஒன்பதாம் மாத ஸ்கேன் எடுத்துவரும் கர்ப்பிணியிடம் வீட்டார் முதலில் கேட்பது குழந்தையின் எடையைத்தான். அந்த எடை தராசில் நிறுத்தது அல்ல. தலைச் சுற்றளவு, வயிற்றுச் சுற்றளவு, தொடை எலும்பின் நீளம் ஆகியவற்றை அளந்து சூத்திரத்தில் போட்டுக் கிடைத்த கணக்கு. பத்து சதவீதமோ அதற்கு மேலோ கூடலாம், குறையலாம். தாய்க்குச் சர்க்கரை நோய் இருந்தால் அந்தப் பிழையையும் பிரசவ ஆபத்தையும் சேர்த்தே அவரிடம் சொல்ல வேண்டும் என்பது என் வாதம்.

தாயின் இரத்தச் சர்க்கரை நஞ்சு வழியே குழந்தைக்குப் போகும், இன்சுலின் போகாது. மிகுதிச் சர்க்கரையைச் சமாளிக்கக் குழந்தை தானே இன்சுலினை அதிகம் சுரக்கும். அதனால் தோளிலும் வயிற்றிலும் கொழுப்பு சேரும். தலை வெளியே வந்தபின் தோள் சிக்கிக்கொள்ளும் அபாயம் அதனால்தான் கூடுகிறது. அப்போது கழுத்திலிருந்து கைக்குச் செல்லும் நரம்புகள் இழுபட்டுக் கை செயலிழக்கலாம். பெரும்பாலான குழந்தைகளுக்கு இது சரியாகிவிடும், சிலருக்கு நிலைத்துவிடும்.

ஸ்காட்லாந்தில் 1999-இல் நாடின் மான்ட்கோமரி என்ற பெண்ணுக்கு நேர்ந்ததைப் பாருங்கள். உயரம் குறைந்தவர், சர்க்கரை நோயாளி. பிரசவ நேரத்தில் குழந்தை 3.9 கிலோ இருக்கும் என்று ஸ்கேன் கணித்தது. நான்கு கிலோவைத் தொட்டிருந்தால் சிசேரியன் செய்யலாமா என்று மருத்துவர் கேட்டிருப்பார். பத்து சதவீதப் பிழையைச் சேர்த்தால் 4.29 கிலோ வரை போகலாம். பிறந்த குழந்தையின் எடை 4.25 கிலோ. தோள் சிக்கியது, மூளையும் கை நரம்பும் பாதிக்கப்பட்டன. தோள் சிக்க ஒன்பது, பத்து சதவீத வாய்ப்பு உண்டு என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2015-இல் தீர்ப்பளித்தது.

சொன்னால் பயந்து எல்லோரும் சிசேரியன் கேட்பார்களே என்பது மறுப்பு. அந்த மருத்துவரும் அப்படித்தான் நினைத்தார். ஆனால் முழுக் கணக்கும் பயத்தை மட்டும் தருவதில்லை. சர்க்கரை உள்ள தாய்மாரில், கணித்த எடை நாலரைக் கிலோவைத் தாண்டியவர்களுக்கு எல்லாம் சிசேரியன் செய்தாலும், நிலையான கை நரம்புக் காயம் ஒன்றைத் தவிர்க்க 443 அறுவைகள் தேவைப்படும் என்று 1996-இல் ஓர் அமெரிக்க ஆய்வு கணித்தது. சிசேரியனுக்கும் இரத்தப்போக்கு, அடுத்த கர்ப்பத்தில் நஞ்சு ஒட்டிக்கொள்வது போன்ற ஆபத்துகள் உண்டு. இரண்டையும் அருகருகே வைத்தால் ஒருத்தி சுகப்பிரசவத்துக்கு முயலலாம், இன்னொருத்தி அறுவையை ஏற்கலாம். இரண்டும் நியாயமே.

எடையைக் கணிப்பதைவிட அது ஏறாமல் தடுப்பது நம் கையில் இருக்கிறது. சென்னை மருத்துவர் வி. சேஷையா வழிகாட்டிய சோதனையில், சாப்பிட்டிருந்தாலும் 75 கிராம் குளுக்கோஸ் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் கொடுத்தால் போதும். 140-ஐத் தொட்டால் உணவுக் கட்டுப்பாட்டைத் தொடங்க வேண்டும், போதாவிட்டால் மருந்து. இதை முதல் பரிசோதனையிலேயே கேட்டுச் செய்துகொள்ளுங்கள். ஒன்பதாம் மாதத்தில் மருத்துவரிடம் எடையோடு அதன் பிழை எவ்வளவு என்றும் கேளுங்கள்.