அறை மாறும்போது வைஃபை அறுபடுவது ஏன்?



முன்னறையில் ரவுட்டரும் படுக்கையறைப் பக்கம் எக்ஸ்டெண்டரும் உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். தொலைபேசியின் வைஃபை பட்டியலில் Home, Home_EXT என இரு பெயர்கள் தெரிகின்றன. இரண்டாவது எக்ஸ்டெண்டருக்குரியது. அதனைத் தெரிவுசெய்து, கடவுச்சொல்லை இட்டால் தொலைபேசி இணைந்துவிடும்.

முன்னறையில் Home வழியாக வாட்ஸ்அப்பில் பேசத் தொடங்கியவர் படுக்கையறைக்கு நடக்கிறார், அழைப்பு அறுபடுகிறது. எதனுடன் இணைவது என்பதைத் தீர்மானிப்பது எக்ஸ்டெண்டர் அன்று, தொலைபேசியே. பெயர்கள் வேறுபட்டால், அது இரண்டையும் தொடர்பற்ற வலையமைப்புகளாகவே கருதும். எனவே அருகில் வலுவான அலை இருந்தும், நலிந்த பழைய அலையையே பற்றிக்கொண்டிருக்கும்; அதனை இழந்த பின்னரே மற்றதை நாடும். அந்த இடைவெளியில்தான் பேச்சு நின்றுபோகிறது.

இதுவே காரணமா என அறிய, படுக்கையறையில் நின்று Home_EXT-ஐ நீங்களே தெரிவுசெய்யுங்கள். இணைப்பு உடனே சீரானால் ஐயமில்லை.

தீர்வு எளிது. எக்ஸ்டெண்டரின் அமைப்புப் பக்கத்தில் பெயர், கடவுச்சொல், பாதுகாப்பு வகை ஆகிய மூன்றையும் ரவுட்டரில் உள்ளவாறே மாற்றுங்கள். அப்போது தொலைபேசி, பழைய அலை முற்றாக அறுமுன்பே மாறிக்கொள்ள முடியும்.

படுக்கையறையில் நிலைமை சீராகாவிடில், எக்ஸ்டெண்டரை ரவுட்டருக்குச் சற்று அருகே நகர்த்துங்கள். தனக்கு நலிந்து வரும் இணைப்பை அது விரைவாக்கித் தர இயலாது.

இவ்வளவு செய்தும் மாறும் கணத்தில் சிறு தடங்கல் எஞ்சலாம். நடந்துகொண்டே நெடுநேரம் பேசுவோருக்கு மெஷ் வகைக் கருவிகள் ஏற்றவை.