லெக்கிங்ஸை எந்த இடத்தில் இழுத்துப் பார்ப்பது?

புடவையை வாங்கும் முன் கடை வாசலுக்கு எடுத்துப் போய் வெளிச்சத்தில் பார்ப்பது நம் தருமபுரி மாவட்டத்துப் பெண்களுக்குப் பழகிய காரியம். விளக்கு வெளிச்சத்தில் தெரியும் நிறம் வேறு, வெயிலில் தெரியும் நிறம் வேறு என்று அம்மா, பாட்டி காலத்திலிருந்தே தெரிந்து வைத்திருக்கிறோம். அதே பழக்கத்தில் இன்று அரூரிலும் பென்னாகரத்திலும் பாலக்கோட்டிலும் கல்லூரிக்குப் போகும் பெண்கள் லெக்கிங்ஸைக் கையில் பிடித்துத் தூக்கிப் பார்க்கிறார்கள். துணி கெட்டியாகத்தான் தெரிகிறது. வீட்டுக்கு வந்து போட்டுக்கொண்டு குனிந்தால் உள்ளே இருப்பது தெரிகிறது. வாசல் வெளிச்சத்தில் பார்க்கும் பழக்கம் நல்ல பழக்கம்தான். லெக்கிங்ஸ் விஷயத்தில் அது பாதிச் சோதனை மட்டுமே. மீதிப் பாதியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

புடவை நெய்த துணி. மடித்தாலும் விரித்தாலும் அதன் இழைகளுக்கு இடையே உள்ள இடைவெளி பெரிதாக மாறாது. லெக்கிங்ஸ் பின்னிய துணி. நூல் வளையம் வளையமாக ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொண்டு நிற்கிறது. கூடவே லைக்ரா என்று நாம் சொல்லும் எலாஸ்டேன் இழை அந்த வளையங்களை நெருக்கிப் பிடித்து வைக்கிறது. கடையில் தொங்கும்போது வளையங்கள் நெருங்கி நிற்பதால் துணி கெட்டியாகத் தெரிகிறது. உடம்பில் ஏறியதும் வளையங்கள் விரிந்து, நடுவில் கண் திறக்கிறது. ஆகவே தொங்கும் துணியை எவ்வளவு நல்ல வெளிச்சத்தில் பார்த்தாலும், நாம் பார்ப்பது உடுத்தப்போகும் துணியை அல்ல.

எவ்வளவு விரிகிறது என்று கணக்காகவே பார்க்கலாம். இடுப்பின் கீழே அகலமான இடத்தில் 40 அங்குலம் சுற்றளவுள்ள ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். அவர் வாங்கும் லெக்கிங்ஸை மேசையில் பரப்பி அதே இடத்தில் அளந்தால் 15 அங்குலம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முன்பக்கம், பின்பக்கம் இரண்டும் சேர்ந்தால் 30 அங்குலம். 30 அங்குலத் துணி 40 அங்குல உடம்பைச் சுற்ற வேண்டும். அதாவது ஒவ்வொரு 3 அங்குலமும் 4 அங்குலமாக நீள்கிறது. இது நிற்கும்போது. குனிந்தாலோ, சம்மணம் போட்டு உட்கார்ந்தாலோ, பின்பக்கத் துணி மேலும் கீழுமாகவும் இழுபடும். அங்கே 4 அங்குலம் 5 அங்குலமாகிறது என்று கொள்ளலாம். மூன்றுக்கு நான்கு என்று 12 சதுர அங்குலமாக இருந்த துண்டு, நான்குக்கு ஐந்து என்று 20 சதுர அங்குலத்தை மூடுகிறது. நூல் ஒன்றும் கூடவில்லை, பரப்பு மட்டும் கூடிவிட்டது.

இதைத் திருப்பூர்க் கணக்கில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். நம் மாவட்டத்திலிருந்து திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போனவர்கள் நிறையப் பேர். அவர்களைக் கேட்டால் ஜிஎஸ்எம் என்பார்கள். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் எடை என்பதுதான் அது. வட்டமான கட்டரை வைத்து 100 சதுர சென்டிமீட்டர் துண்டு வெட்டி எடைபோடுவார்கள். துண்டு 2 கிராம் இருந்தால் துணி 200 ஜிஎஸ்எம். மெல்லிய ரகங்கள் 160-ஐ ஒட்டியும், நல்ல பருத்தி லைக்ரா துணி 200, 220 என்றும் வரும்.

மேலே சொன்ன பெண் 200 கிராம் துணியில் குனியும்போது, 12 சதுர அங்குலம் 20-ஆக விரிவதால், உடம்பின் மேல் இருப்பது சதுர மீட்டருக்கு 120 கிராம்தான். 160 கிராம் துணியாக இருந்தால் அது 96-க்கு வந்துவிடும். ஒரு சைஸ் பெரிதாக எடுத்தால் சரியாகிவிடும் என்று கடையில் சொல்வார்கள். அதையும் பார்ப்போம். அடுத்த சைஸ் சுற்றளவு 33 அங்குலம் என்றால் அதே 160 கிராம் துணி 105, 106-இல் நிற்கும். கொஞ்சம் உதவிதான், ஆனால் 120 ஆகாது. ஆகவே என் கட்சி இது: முதலில் துணியைப் பாருங்கள், பிறகு சைஸைப் பாருங்கள். ஃப்ரீ சைஸ் என்று ஒரே அளவில் விற்பதை, உடம்பு சற்றுப் பெருத்தவர்கள் வாங்காமல் இருப்பதே நல்லது. எல்லோருக்கும் ஒரே துணி என்றால், அதிகம் இழுபடுவது அவர்கள் போடும்போதுதான்.

கடையில் கட்டரும் தராசும் கிடையாது. நம் கை இருக்கிறது. கட்டைவிரல் நீங்கலாக நான்கு விரல் சேர்ந்த அகலம் ஏறக்குறைய 3 அங்குலம். கட்டைவிரலையும் ஒட்டி வைத்தால் 4 அங்குலம். லெக்கிங்ஸின் பின்பக்கத்தில், இடுப்பு எலாஸ்டிக்கிலிருந்து ஒரு சாண் கீழே, நான்கு விரல் அகலத் துணியைப் பிடித்து, கட்டைவிரலும் சேர்ந்த அகலத்துக்குக் குறுக்கே இழுக்க வேண்டும். கூட வந்தவர் அதையே மேலும் கீழுமாகச் சிறிது இழுக்கட்டும். பலர் கணுக்காலிலோ கெண்டைக்காலிலோ இழுத்துப் பார்த்துவிட்டுத் திருப்தி அடைகிறார்கள். அங்கே போட்ட பிறகும் துணி அதிகம் இழுபடாது, அங்கே பார்த்துப் பயனில்லை. இரண்டாவதாகப் பார்க்க வேண்டிய இடம் முட்டி.

இழுத்தபடியே எதைப் பார்ப்பது? விலைச்சீட்டு அட்டையை உள்ளே விட்டு, ஒற்றைத் துணிக்குக் கீழே வையுங்கள். வெள்ளை அட்டையில் கறுப்பு எழுத்து இருப்பதால் இதைவிடக் கறாரான சாட்சி கடையில் கிடைக்காது. வாசல் வெளிச்சம் துணியின் மேல்பக்கம் விழும்படி நின்று பாருங்கள். எழுத்தைப் படிக்க முடிந்தால் அந்தத் துணி வேண்டாம். எழுத்து தெரியாமல் அட்டையின் ஓரம் மட்டும் தெரிந்தால், முட்டி வரை வரும் நீளமான குர்த்திக்குக் கீழே போடலாம், குட்டை டாப்ஸுக்குக் கூடாது. ஒன்றுமே தெரியவில்லை என்றால் எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது பல பெண்கள் செல்போன் டார்ச்சைக் காலுக்குள் விட்டுப் பார்க்கிறார்கள். அந்தச் சோதனையை நான் அவ்வளவாக நம்புவதில்லை. டார்ச் வெளிச்சம் நல்ல துணியிலும் ஊடுருவும். அதைப் பார்த்து நல்லதை வேண்டாம் என்று வைத்துவிட்டு வருவோம். தவிர, நம் காலுக்குள் விளக்கு எரியப் போவதில்லை. வெளியிலிருந்து வெயில் விழுந்து, உள்ளே பட்டுத் திரும்புவதுதான் பிறர் கண்ணுக்குத் தெரிகிறது. ஒரே நிறத்தில் இரண்டு கம்பெனித் துணிகளை ஒப்பிட வேண்டுமானால் டார்ச் உதவும். எதில் வெளிச்சம் குறைவாக வருகிறதோ அது கெட்டி. துணியில் ஓரிடம் மெலிந்து, கோடுகோடாக இருந்தாலும் டார்ச் காட்டிக்கொடுக்கும். மெல்லிய ஸ்ட்ரெட்ச் பேன்ட் கதை வேறு. அது காலோடு ஒட்டாமல் கீழே தளர்ந்து நிற்பதால், சாயங்கால வெயில் பின்னாலிருந்து அடிக்கும்போது காலின் வடிவம் நிழலாகத் தெரியும். அதை மட்டும் வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தே பார்க்க வேண்டும்.

கறுப்பு என்றால் கவலையில்லை என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 2013 மார்ச்சில் கனடாவின் லுலுலெமன் கம்பெனி, யோகாவுக்காக விற்ற விலை உயர்ந்த கறுப்பு பேன்ட்டுகளைக் கடைகளிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டது. உடல் தெரிகிறது என்பதுதான் புகார். பெண்களுக்கான அவர்களுடைய பேன்ட் சரக்கில் சுமார் 17 சதவீதம் அதில் சிக்கியது. துணி கொடுத்த தைவான் கம்பெனி, ஒப்பந்தத்தில் கேட்டபடிதான் கொடுத்தோம் என்றது. போட்டுக்கொண்டு குனிந்தால்தான் குறை தெரியும் என்பதை லுலுலெமன் தலைமையே ஒப்புக்கொண்டது. விலையும் பெயரும் நிறமும் செய்யாத வேலையைக் குனிந்து பார்க்கும் அரை நிமிடம் செய்கிறது. ட்ரையல் ரூம் உள்ள கடையில் உட்கார்ந்து, குனிந்து, கூட வந்த அக்காவையோ தோழியையோ பின்பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். அறைக்குள் வெளிச்சம் மங்கலாக இருக்கும் என்பதை நினைவில் வைத்து, அட்டைச் சோதனையை வாசலிலும் செய்துவிடுங்கள்.

கறுப்புக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. பருத்திக்கு ஏற்றும் சாயம் லைக்ரா இழையில் சரியாகப் பிடிக்காது. இழுத்ததும் உள்ளே இருக்கும் வெள்ளை இழை மினுக்கென்று எட்டிப் பார்க்கும், கறுப்பு சாம்பலாகிவிடும். பூப்போட்ட லெக்கிங்ஸில் அச்சு மேலே மட்டும் இருந்தால், இழுத்த இடத்தில் அடித்துணியின் வெள்ளை தெரியும். வெள்ளை, க்ரீம், இளம் ரோஸ் நிறங்களில் மெல்லிய ரகத்தை வாங்கவே வேண்டாம் என்பேன். அந்த நிறங்கள் வெளிச்சத்தை விழுங்காமல் உள்ளே விட்டுவிடுகின்றன. வியர்வையிலோ மழையிலோ நனைந்தால் இன்னும் மோசம். வெள்ளைக்கு உள்ளே வெள்ளை உள்ளாடை போட்டால் மறையும் என்பதும் தவறான எண்ணம். தோலின் நிறத்துக்கு நெருங்கிய உள்ளாடைதான் வெளியே தெரியாது.

நம் ஊரில் பல கடைகளில் லெக்கிங்ஸ் பிளாஸ்டிக் உறையில் மடித்து, நடுவில் அட்டை வைத்து வருகிறது. நாலு மடிப்பைத் தொட்டுப் பார்த்து, கெட்டித் துணி என்று நினைத்துவிடுகிறோம். ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் பிரித்துக் காட்டக் கடைக்காரருக்கும் நேரமிருக்காது. பிரித்து வைத்த சாம்பிள் ஒன்றைக் கேளுங்கள், பெரும்பாலும் இருக்கும். அதே ரகம், அதே நிறம் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். நீலத்தில் தேறியது ரோஸில் தேறாது. சாம்பிள் இல்லையென்றால், ஒரே சைஸில் இரண்டு கம்பெனி பாக்கெட்டை இரண்டு கையிலும் வைத்துத் தூக்கிப் பார்க்கலாம். பெரும்பாலும் கனமானதே கெட்டியானது.

இழுக்கும்போது, "அக்கா, இழுத்தா லூஸ் ஆயிடும்க்கா" என்று விற்கும் பெண் சொல்லலாம். "ஒரு தடவை இழுத்து லூஸ் ஆகிற துணியை நான் தினமும் போட முடியாதேம்மா" என்று பக்குவமாகச் சொல்லுங்கள். உண்மையில் அதுவும் ஒரு சோதனை. பத்து எண்ணும் வரை இழுத்துப் பிடித்து விடுங்கள். துணி உடனே பழைய இடத்துக்கு வர வேண்டும். அலையலையாக நின்றால் லைக்ரா பலமில்லை. சில வாரங்களில் முட்டியில் பை போலத் தொங்கும், பின்பக்கம் விரிந்தது விரிந்தபடியே நிற்கும்.

நல்ல துணியும் நாளாக நாளாக மெலியும். குளோரின் கலந்த ப்ளீச்சும் கொதிக்கும் நீரும் சூடான இஸ்திரியும் லைக்ராவைக் கெடுக்கும். தொடையின் உட்பக்கம் உரசி உரசி நூல் தேயும், வெளியே சிறுசிறு உருண்டைகளாகத் தெரியும். அதனால் அடிக்கடி போடும் லெக்கிங்ஸைச் சில மாதங்களுக்கு ஒருமுறை ஜன்னல் பக்கம் நின்று, கையை உள்ளே விட்டு, தொடையின் உட்பக்கத்தையும் பின்பக்கத்தையும் விரித்துப் பாருங்கள். விரல் நகம் தனியாகத் தெரிய ஆரம்பித்தால், அதை இனி வீட்டில் நைட்டிக்கு உள்ளே போட மட்டும் வைத்துக்கொள்ளலாம்.