அலமாரிக்குள் இரையும் கன்சோல்



"வாங்கின புதுசுல சத்தமே தெரியல. இப்போ விளையாட ஆரம்பிச்சு அரை மணி நேரத்துல டிவி வசனமே காதுல விழல." கேம் கன்சோல் இருக்கும் வீடுகளில், முக்கியமாகக் கோடை விடுமுறையில், அடிக்கடி கேட்கும் புகார் இது. கன்சோல் பழுதாகிவிட்டது என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆனால் சத்தம் பெரும்பாலும் பழுதின் அடையாளம் அல்ல. உள்ளே சூடு கூடியிருக்கிறது, விசிறி அதை வெளியேற்றப் போராடுகிறது என்பதுதான் அதற்குப் பொருள். அந்தச் சூடு எதனால் கூடியது என்பதைக் கண்டுபிடிப்பதுதான் நம் வேலை.

பிளேஸ்டேஷன் 5-ஐ எடுத்துக்கொள்வோம். 2020-இல் வந்த இந்தக் கன்சோல், கனமான விளையாட்டு ஓடும்போது ஏறத்தாழ 200 வாட் மின்சாரம் எடுக்கும். நம் வீட்டுச் சீலிங் ஃபேன் எடுப்பது 75 வாட் அளவுதான். அந்த 200 வாட்டும் கடைசியில் வெப்பமாகவே மாறுகிறது. சிப்பின் மேல் உள்ள உலோகத் தகடுகள் அந்த வெப்பத்தை வாங்கிக்கொள்ள, விசிறி முன்பக்க இடைவெளிகள் வழியாகக் குளிர்ந்த காற்றை இழுத்து, தகடுகளுக்கு நடுவே செலுத்தி, பின்பக்கமாக வெளியே தள்ளுகிறது. உள்ளே இருக்கும் வெப்ப உணரி சூடு ஏறுவதைக் கண்டதும் விசிறியின் வேகத்தைக் கூட்டச் செய்யும். விசிறியின் வேகம் இரு மடங்கானால் சத்தம் சுமார் 15 டெசிபல் உயரும். காதுக்கு அது இரண்டு மடங்குக்கும் மேலாகவே தெரியும். அதனால்தான் சூடு கொஞ்சம் கூடினாலும் இரைச்சல் திடீரென்று பெரிதாகிவிடுகிறது.

இப்போது இதே கன்சோலை டிவிக்குக் கீழே உள்ள, கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸ் அறையில் வைத்திருக்கிறோம் என்று கொள்ளுங்கள். அகலம் 80 சென்டிமீட்டர், ஆழம் 45, உயரம் 40. அதற்குள் அடங்கும் காற்று 144 லிட்டர். 200 வாட் வெப்பத்தைச் சுமந்து செல்லும் காற்று பத்து டிகிரிக்கு மேல் சூடேறாமல் இருக்க வேண்டுமானால், வினாடிக்குச் சுமார் 17 லிட்டர் காற்று கன்சோல் வழியே போக வேண்டும். அந்தக் கணக்குப்படி அறையில் உள்ள மொத்தக் காற்றும் எட்டு, ஒன்பது வினாடிக்குள் ஒரு முறை கன்சோலுக்குள் போய் வந்துவிடும். கதவு மூடியிருந்தால் அடுத்த சுற்றுக்குக் கிடைப்பது அதே சூடான காற்றுதான். பின்பலகையில் கேபிள் போக விட்டிருக்கும் சிறு ஓட்டை இவ்வளவு காற்றுக்குப் போதாது.

இந்த வகைக் கன்சோல் இயங்குவதற்குத் தயாரிப்பாளர் சொல்லும் சுற்றுப்புற வெப்பநிலை 5 முதல் 35 டிகிரி வரை. மே மாதத்து மதுரையிலோ வேலூரிலோ மதிய நேரத்தில் வீட்டுக் கூடமே 33, 34 டிகிரியில் இருக்கும். மூடிய அலமாரி இன்னும் இரண்டு டிகிரி கூட்டினாலே அந்த எல்லையைத் தொடும் அல்லது தாண்டிவிடும்.

ஆகவே கன்சோலைக் கழற்றுவதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். அலமாரிக் கதவை மூடி வைத்து, ஒரே விளையாட்டின் ஒரே கட்டத்தை இருபது நிமிடம் ஓட விடுங்கள். பிறகு கன்சோலை அணைத்து ஆறவிட்டு, வெளியே திறந்த மேசையில் வைத்து அதே கட்டத்தை அதே இருபது நிமிடம் ஓட்டுங்கள். மேசையில் சத்தம் நன்றாகக் குறைந்தால் கோளாறு அலமாரியில் இருக்கிறது. மேசையிலும் அதே இரைச்சல் என்றால் தூசியைச் சந்தேகிக்கலாம்.

தூசி எங்கே சேர்கிறது? வெளியே தெரியும் துளைகளில் படிவது கொஞ்சம்தான். விசிறியைத் தாண்டி, தகடுகளின் நுழைவாயிலில்தான் அது அதிகமாகப் படியும். முடியும் துணி இழையும் முதலில் சிக்கும். பொடித் தூசி அதன்மேல் ஒட்டும். நாளடைவில் அது சாம்பல் நிறக் கம்பளித் துண்டு போல வாயிலை மூடிவிடும். சமையல் எண்ணெய்ப் புகை, கொசுவர்த்திப் புகை, சாம்பிராணிப் புகை ஆகியவை தங்கும் கூடத்தில் தூசி பிசுபிசுப்பாகி, எளிதில் உதிராது.

சுத்தம் செய்வதற்கு முன் கன்சோலை முழுவதுமாக அணைக்க வேண்டும். ரெஸ்ட் மோடில் வைத்தால் போதாது. சுவிட்சை அணைத்து, மின் ஒயரையும் மற்ற ஒயர்களையும் கழற்றி, கை வைத்துப் பார்த்தால் சூடு தெரியாத வரை காத்திருங்கள். முதலில் உலர்ந்த மென்மையான பெயின்ட் பிரஷால் காற்றுத் துளைகளை வெளிப்பக்கமாகத் துடைத்துத் தூசியைத் தளர்த்துங்கள். பிரஷைத் துளைக்குள் அழுத்தாதீர்கள். தளர்ந்த தூசியை வேக்யூம் கிளீனரால் குறைந்த வேகத்தில், முனை உடலைத் தொடாமல் சற்றுத் தள்ளிப் பிடித்து உறிஞ்சுங்கள். பிளாஸ்டிக் முனையில் நிலைமின்சாரம் உண்டாகும் என்பதால்தான் இந்த இடைவெளி.

பிளேஸ்டேஷன் 5-இல் இன்னொரு வசதி உண்டு. பக்கவாட்டு வெள்ளை உறைகளைக் கழற்றினால், தூசி தங்குவதற்கென்றே அமைத்த துளைகள் தெரியும். அவற்றை வேக்யூம் கிளீனரால் உறிஞ்சிவிடலாம். உறை கழலும் விதம் மாடலுக்கு மாடல் மாறும், ஆகவே உங்கள் மாடலின் கையேட்டைப் பார்த்துச் செய்யுங்கள். உறை திறந்ததும் பெரிய விசிறி கண்ணில் படும். உறிஞ்சும்போது அது தானாகச் சுழல விடக்கூடாது. மரக்குச்சியால் மெல்லத் தடுத்துப் பிடியுங்கள். இயல்பைவிட வேகமாகச் சுழன்றால் அதன் தாங்கி கெட்டுவிடும்.

செய்யக்கூடாதவையும் சில. வாயால் ஊதாதீர்கள், எச்சில் உள்ளே போகும். ஈரத்துணி, ஸ்பிரே எதுவும் வேண்டாம். வண்டிக்குக் காற்றுப் பிடிக்கும் கம்ப்ரஸர் வேண்டவே வேண்டாம். அந்தக் காற்றில் ஈரமும் எண்ணெயும் கலந்திருக்கும், அழுத்தமும் மிக அதிகம். டப்பாவில் வரும் காற்றைப் பயன்படுத்தினால் டப்பாவை நிமிர்த்திப் பிடித்துச் சிறு சிறு அடிகளாக விடுங்கள். சாய்த்தால் உள்ளிருக்கும் திரவம் பீய்ச்சும். வெளியிலிருந்து ஓங்கி அடிக்கும் காற்று தூசியை மேலும் உள்ளே தள்ளிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்தது, வைக்கும் இடம். கன்சோலைச் சுற்றி, முக்கியமாகப் பின்பக்கம், பத்து சென்டிமீட்டராவது காலியாக இருக்க வேண்டும். அலமாரியில்தான் வைத்தாக வேண்டும் என்றால், விளையாடும்போது கதவைத் திறந்து வையுங்கள். பின்பலகையில் கன்சோலுக்கு நேராக உள்ள பகுதியைத் தச்சரிடம் சொல்லி வெட்டி எடுத்துவிடுங்கள். சூடான காற்று சுவரில் மோதித் திரும்பாதபடி அலமாரியைச் சுவரிலிருந்து சற்று முன்னால் இழுத்துப் போடுங்கள். செட்டாப் பாக்ஸையும் மோடத்தையும் கன்சோலின் மேல் அடுக்காதீர்கள். தூசி படியாமல் இருக்கத் துணி போர்த்துவதானால், முழுவதும் அணைத்த பிறகு மட்டும் போர்த்துங்கள். ரெஸ்ட் மோடிலும் கன்சோல் கேம்களைப் பதிவிறக்கிக்கொண்டு சூடாகத்தான் இருக்கும்.

மாற்றம் பலித்ததா என்று பார்க்க, அறை வெப்பமானி ஒன்றைக் கன்சோலின் முன்பக்கக் காற்றுவழி அருகே வையுங்கள். ஒரு மணி நேர விளையாட்டுக்குப் பிறகும் அது கூடத்து வெப்பநிலையைவிட இரண்டு மூன்று டிகிரிக்கு மேல் போகாமல் இருந்தால் காற்று சரியாகப் போய் வருகிறது.

இடமும் சரி, தூசியும் போயிற்று. அப்படியும் கன்சோல் சூடு அதிகம் என்று திரையில் எச்சரித்துத் தானாக அணைகிறதா? அதற்கு மேல் நீங்கள் பிரிக்காதீர்கள். பிளேஸ்டேஷன் 5-இல் சிப்புக்கும் தகட்டுக்கும் நடுவே மின்சாரம் கடத்தும் திரவ உலோகம் இருக்கிறது. அது சிந்தினால் சர்க்யூட் போர்டே பாழாகிவிடும். அந்த வேலையைச் சர்வீஸ் சென்டரிடம் விட்டுவிடுங்கள். திறந்த மேசையில் எவ்வளவு நேரத்தில் அணைந்தது என்பதையும் அவர்களிடம் சொல்லுங்கள். பழுது உள்ளேதான் என்பதை அவர்கள் விரைவில் உறுதி செய்ய அது உதவும்.