இரு மொழியில் ஓர் அறிவிப்பு

(ஞாயிறு தமிழ் வகுப்புப் பொறுப்பாளர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை. பேச்சில் வாசித்துக் காட்டிய ஆங்கில வரிகள் தமிழ் எழுத்திலேயே தரப்படுகின்றன.)



வகுப்பு நேரம் மாறினால் கதவில் ஒட்டுகிறோமே ஓர் அறிவிப்பு, அதை எப்படி எழுதுவது என்று பேசச் சொல்லியிருக்கிறீர்கள். நாலு வரிச் சமாசாரத்துக்கு ஒரு சொற்பொழிவா என்று பின்வரிசையில் சிரிப்பது கேட்கிறது. சிரியுங்கள். நான் பார்த்த ஒரு தாளைப் பற்றிச் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

எந்தச் சங்கம், எந்தப் பேட்டை என்பதெல்லாம் வேண்டாம். இதே புனே நகரத்தில்தான். அங்கே ஞாயிறுதோறும் மாலை 4 மணிக்குத் தமிழ் வகுப்பு. வீட்டு வேலைக்குப் போகிற தாய்மார்கள் திரும்பவே நாலு ஆகிவிடுகிறது, பிள்ளைக்குத் தலை சீவி அனுப்ப நேரமில்லை என்று கேட்டதால் 5 மணிக்கு மாற்றினார்கள். நியாயமான முடிவு. கதவில் தாள் ஒட்டினார்கள். மேலே கொட்டை எழுத்தில் ஆங்கிலம்: "கிளாஸ் டைம் சேஞ்ச்டு ஃப்ரம் 4 டு 5 ஃப்ரம் நெக்ஸ்ட் சண்டே. கைண்ட்லி கோ-ஆபரேட்." கீழே பொடி எழுத்தில் தமிழ்: "வகுப்பு நேரம் அடுத்த ஞாயிறு முதல் ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கப்பட்டுள்ளது. பெற்றோர் பிள்ளைகளைத் தவறாது அனுப்ப வேண்டும்."

அந்த ஞாயிறு சில பிள்ளைகள் மூன்று மணிக்கு வந்தார்கள். சிலர் நாலு மணிக்கு. சிலர் சரியாக ஐந்துக்கு. சிலர் மாற்றம் அதற்கு அடுத்த வாரம்தான் என்று எண்ணிப் பழைய நேரத்துக்கே வந்தார்கள். மூன்று மணிக்கு வந்தவர்களில் ஒரு பத்து வயதுப் பெண், தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு பூட்டிய கதவுக்கு முன்னால் இரண்டு மணி நேரம் நின்றிருக்கிறாள். வீட்டுச் சாவி வேலைக்குப் போன தாயாரிடம். அதற்குப் பிறகு அந்தத் தாயார் பிள்ளைகளை அனுப்பவில்லை. யார் அவரைக் குறை சொல்ல முடியும்?

இத்தனைக்கும் அந்தத் தாளில் இலக்கணப் பிழை கிடையாது. ஆனால் ஒவ்வொரு வரியும் இரண்டு விதமாகப் படிக்கும்படி இருக்கிறது.

முதலில் "4 டு 5". எழுதியவர் நினைத்தது நாலிலிருந்து ஐந்துக்கு மாற்றம் என்று. ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் படிக்கிற பிள்ளைக்கு "4 டு 5" என்றால் நாலு மணிக்குத் தொடங்கி ஐந்து மணிக்கு முடிகிறது என்று அர்த்தம். அவன் பள்ளிக்கூட நேர அட்டவணை முழுக்க அப்படித்தான் எழுதியிருக்கிறது. தமிழில் "4-லிருந்து 5-க்கு" என்று வேற்றுமை உருபு ஓரளவு காப்பாற்றும். ஆனாலும் வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் கண்ணில் படுவது இரண்டு எண்கள்தான். ஆகவே பழைய நேரத்தையும் புதிய நேரத்தையும் ஒரே வாக்கியத்தில் எழுதக் கூடாது என்பது என் கட்சி. புதிய நேரத்தைத் தனி வரியில், தலைப்புக்கு அடுத்தபடியே போடவேண்டும்.

அடுத்தது "முன்னே தள்ளி". முன்னே என்றால் முன்னதாக, அதாவது மூன்று மணி. தள்ளி என்றால் ஒத்திப்போட்டு, அதாவது ஐந்து மணி. இரண்டு சொல்லும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கின்றன. இது தமிழுக்கு மட்டும் வந்த கேடு அல்ல. ஆங்கிலத்தில் "மூவ்டு ஃபார்வர்டு" என்ற தொடரை வைத்து அமெரிக்காவில் ஆய்வாளர்கள் சோதித்திருக்கிறார்கள். புதன்கிழமைக் கூட்டம் இரண்டு நாள் "ஃபார்வர்டு" நகர்த்தப்பட்டது, இப்போது எந்தக் கிழமை என்று கேட்டால் ஆட்கள் ஏறக்குறையச் சரிபாதியாகப் பிரிகிறார்கள். பாதிப் பேர் திங்கள் என்கிறார்கள், பாதிப் பேர் வெள்ளி என்கிறார்கள். அவர்கள் தாய்மொழியிலேயே இந்தக் கதி! ஆகையால் முன், பின், தள்ளி, ஃபார்வர்டு, ப்ரீபோன், போஸ்ட்போன் எல்லாவற்றையும் அறிவிப்பிலிருந்து வெளியேற்றிவிடலாம். எவ்வளவு நகர்ந்தது என்ற கணக்கு பிள்ளையைப் பெற்றவருக்குத் தேவையில்லை. எத்தனை மணி என்று சொன்னால் போதும்.

"அடுத்த ஞாயிறு", "நெக்ஸ்ட் சண்டே". புதன்கிழமை ஒட்டிய தாளில் இப்படி எழுதினால், நாலு நாளில் வருகிற ஞாயிறா, அதற்கும் அடுத்ததா? நம் வீடுகளிலேயே இதற்கு இரண்டு வழக்கு உண்டு. மேலும், தாள் கதவிலேயே இருக்கிறது. இரண்டு வாரம் கழித்துப் பார்க்கிறவருக்கும் "அடுத்த ஞாயிறு" என்றே சொல்லிக்கொண்டிருக்கிறது. தேதி போடவேண்டும். தேதியிலும் 7/6 என்று போட்டால் ஜூன் 7 என்பார் ஒருவர், ஜூலை 6 என்பார் அமெரிக்க முறைக் கணினியில் வேலை செய்கிற அவர் மகன். மாதத்தின் பெயரை எழுத்தால் எழுதி, கிழமையையும் சேர்த்துவிடுங்கள். தேதியும் கிழமையும் பொருந்தாவிட்டால், எழுதியவர் எங்கோ தவறிவிட்டார் என்று படிப்பவருக்கே தெரிந்துவிடும், விசாரித்துக்கொள்வார்.

நான் ரயில்வேக்காரன், இந்த விஷயத்தில் நிறையப் பார்த்தவன். இரவு 0.15-க்குப் புறப்படுகிற வண்டிக்கு 12-ஆம் தேதி டிக்கெட் எடுத்துவிட்டு, 12-ஆம் தேதி இரவு மூட்டை முடிச்சோடு வந்து நிற்கிற குடும்பங்கள் உண்டு. வண்டி முந்தின இரவே போயிருக்கும். டிக்கெட்டில் அச்சடித்தது முழுக்கச் சரி. படிப்பவர் நாளை எப்படிக் கணக்கிடுகிறார் என்பதை அது எண்ணிப் பார்க்கவில்லை. அதே காரணத்தால், எனக்குப் பழகிய 17.00 என்ற ரயில்வே நேரத்தை வகுப்பு அறிவிப்பில் எழுத நான் சம்மதிக்கமாட்டேன். பாட்டி அதை ஏழு மணி என்று படிக்க வாய்ப்பு உண்டு. "மாலை 5.00" என்றே இருக்கட்டும்.

இங்கே புனேக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்லவேண்டும். நாம் 5.45-ஐ ஐந்தேமுக்கால் என்போம். கடந்துபோன ஐந்தோடு முக்காலைச் சேர்க்கிறோம். மராத்தியில் அதே நேரம் "பாவ்ணே சஹா"; ஆறுக்குக் கால் குறைவு என்று, வரப்போகிற ஆறைச் சொல்கிறார்கள். தெருவில் மராத்தியிலேயே விளையாடி வளர்ந்த நம் பிள்ளை ஐந்தேமுக்கால் என்று கேட்டதும் முக்காலைப் "பாவ்ணே" ஆக்கி, ஐந்தைப் "பாச்" ஆக்கி, "பாவ்ணே பாச்" என்று மனத்தில் மாற்றிக்கொண்டால் அது 4.45. முழுசாக ஒரு மணி நேரம் தவறிவிடும். கூடியமட்டும் கால், முக்கால் வராத நேரமாக வகுப்பை வையுங்கள். வந்தே தீருமானால் எழுத்தால் எழுதாமல் எண்ணால் எழுதுங்கள். எண்ணைத் தெளிவாக எழுதுங்கள். மராத்தி எண்ணில் ஒன்று என்பது நம் 9 போலவே இருக்கும். பேருந்தின் நெற்றியில் மராத்தி எண்ணைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குக் கோணல்மாணலான 9 ஒன்றாகிவிடும்.

இனி இரு மொழி விஷயம். மத்திய அரசு அலுவலகங்களில் 1963-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டத்தின் 3(3) பிரிவுப்படி பொது ஆணைகள், அறிவிக்கைகள் முதலியவை இந்தியிலும் ஆங்கிலத்திலும் வெளிவரவேண்டும். 1976-ஆம் ஆண்டு விதிகள், இரண்டிலும் வெளிவருவதற்குக் கையெழுத்துப் போடுகிறவரே பொறுப்பு என்கின்றன. அந்த விதிகள் தமிழ்நாட்டுக்குப் பொருந்தா என்று முதல் விதியிலேயே எழுதியிருப்பது நமது போராட்டத்தின் விளைவு. அதை வேறு கூட்டத்தில் பேசுவோம். கையெழுத்துப் போடுகிறவர் இரண்டு பாதிக்கும் பொறுப்பு என்ற அந்த ஒரு வழக்கத்தை மட்டும் நாமும் எடுத்துக்கொள்ளலாம். ஆங்கிலத்தை மகன் எழுதினான், தமிழை நான் எழுதினேன் என்று பிரித்துக்கொள்வதால்தான் மேலே ஒரு நேரமும் கீழே ஒரு நேரமும் வருகின்றன.

நம் வீடுகளில் ஒரே தாளை ஒருவரே படிப்பதில்லை. கட்கியிலும் தேஹு ரோடிலும் நான் போகிற வீடுகளில் பாட்டி தமிழ் மட்டும் படிப்பார், பேத்தி ஆங்கிலம் மட்டும் படிப்பாள். ஒரு பாதியை மட்டும் படிப்பவருக்கு எல்லாச் செய்தியும் கிடைக்கவேண்டும். இரு பாதியிலும் எண்கள் ஒரே வரிசையில், ஒரே வடிவத்தில் இருந்தால் பாட்டியும் பேத்தியும் விரலை வைத்து ஒத்துப்பார்த்துக்கொள்வார்கள்.

மரியாதையும் ஒன்றாக இருக்கவேண்டும். அந்தத் தாளை மறுபடி பாருங்கள். ஆங்கிலம் படிப்பவருக்குக் "கைண்ட்லி". தமிழ் படிப்பவருக்குத் "தவறாது அனுப்ப வேண்டும்" என்ற உத்தரவு, அதுவும் பொடி எழுத்தில். எழுதியவர் கெட்டவர் அல்ல. அலுவலகத்தில் அவரிடம் மேலதிகாரி பேசுகிற தோரணை தமிழில் எழுதும்போது தானாக வந்துவிட்டது. நம் சங்கத்தில் அது கூடாது. தமிழ் மேலே, அதே அளவு எழுத்தில்.

2026-ஆம் ஆண்டு நாட்காட்டியை வைத்து அந்தத் தாளைத் திருத்தி எழுதினால் இப்படி வரும்:

தமிழ் வகுப்பு: புதிய நேரம்
மாலை 5.00 முதல் 6.30 வரை
ஜூன் 7, ஞாயிறு தொடங்கி, ஒவ்வொரு ஞாயிறும்
மே 31, ஞாயிறு அன்று வழக்கம்போல் மாலை 4.00 மணிக்கே வகுப்பு
இடத்தில் மாற்றம் இல்லை
பிள்ளைகளைப் புதிய நேரத்துக்கு அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்

டமில் கிளாஸ்: நியூ டைம்
5.00 பி.எம். டு 6.30 பி.எம்.
ஸ்டார்ட்டிங் சண்டே, ஜூன் 7, எவ்ரி சண்டே
ஆன் சண்டே, மே 31, கிளாஸ் இஸ் அட் 4.00 பி.எம். ஆஸ் யூஷுவல்
நோ சேஞ்ச் ஆஃப் ப்ளேஸ்
ப்ளீஸ் செண்ட் யுவர் சில்ட்ரன் அட் தி நியூ டைம்

முடிகிற நேரத்தைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். பிள்ளையை அழைத்துப்போக வருகிற தகப்பனாருக்கு அதுதான் முக்கியம். இடையில் வருகிற மே 31-ஐ எதற்குச் சொல்வது என்று ஒரு தோழர் கேட்டார். தாளைப் பார்த்த உடனே புதிய நேரத்துக்கு வந்துவிடுகிறவர்கள் உண்டு, அவர்களுக்காகத்தான். கதவு 4.45-க்கே திறந்திருக்கும் என்றும் எழுதலாமே என்றார் அவர். எழுதவேண்டாம். தாளில் இன்னொரு நேரம் ஏறினால் இன்னொரு குழப்பமும் ஏறும். சாவி வைத்திருப்பவர் முன்கூட்டி வந்து திறந்துவிட்டால் தீர்ந்தது. ஜூன் மாதம் முழுவதும் ஒருவர் 4 மணிக்கே அங்கே இருப்பது இன்னும் நல்லது.

ஒட்டுவதற்கு முன் தாளை மூன்று பேரிடம் கொடுங்கள். தமிழ் மட்டும் படிப்பவர் ஒருவர், ஆங்கிலம் மட்டும் படிக்கிற பிள்ளை ஒன்று, எதுவுமே படிக்காமல் காதால் கேட்பவர் ஒருவர். "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள், எல்லாரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். "மே 31 எத்தனை மணிக்குக் கிளம்புவீர்கள்? ஜூன் 7 எத்தனை மணிக்கு?" என்று கேளுங்கள். மூவரும் ஒரே பதில் சொல்லும்வரை திருத்துங்கள்.

தமிழும் ஆங்கிலமும் படிக்காமல் மராத்தி மட்டும் படித்த தகப்பன்மார் இருக்கிறார்களே, அவர்களுக்கு என்ன வழி என்று எரவாடாத் தோழியர் கேட்டார். சரியான கேள்வி. மூன்றாவது மொழியில் முழு அறிவிப்பும் போட்டால் தாளில் எழுத்து சிறுத்துவிடும். அடியில் நாளும் நேரமும் மட்டும் மராத்தியில் ஒரு வரி போடலாம். அதையும் மராத்தி நன்றாக அறிந்த ஒருவர் பார்த்துத் தரவேண்டும். எழுத்தே படிக்காதவர்களுக்கு மே 24, மே 31 இரண்டு வகுப்பும் முடிகிறபோது பிள்ளைகள் வாயால் திரும்பச் சொல்லவைத்து அனுப்புங்கள். புதிய தாளை ஒட்டப் போகிறவர் பழைய தாளைக் கையோடு கிழித்துக்கொண்டு வரவேண்டும்.