குழம்பில் தேங்காய்ப்பாலா, தேங்காய் எண்ணெயா?

(திருக்கழுக்குன்றத்தில், இதய நோயாளிகளின் குடும்பத்தாருக்காக நமது அறக்கட்டளை நடத்திய நலக் கூட்டத்தில் ஆற்றிய உரை)





ஸ்டென்ட் வைத்து வீடு திரும்பிய ஒரு பெரியவரை நலம் விசாரிக்கச் சென்றிருந்தோம். வீட்டம்மா மிகுந்த கவனத்தோடு இருந்தார். பொரியல், வறுவல் எல்லாம் நிறுத்தியாகிவிட்டது. "தேங்காய் எண்ணெய் எங்கள் வீட்டுக்குள்ளேயே வருவதில்லை, தலைக்கு மட்டும்தான்" என்றார். ஆனால் பெரியவருக்கு எல்டிஎல் எனும் கெட்ட கொழுப்பு இறங்கவே இல்லை. அன்று அடுப்பில் குருமா கொதித்துக் கொண்டிருந்தது. ஒரு முழுத் தேங்காயின் பால் ஊற்றிய குருமா. "காரம் குறைவு, எண்ணெயும் குறைவு, அவருக்கு இதுதான் ஒத்துக்கொள்ளும்" என்று இரண்டு கரண்டி கூடுதலாகவே வைத்தார். அவர் மேல் குற்றம் சொல்ல முடியாது. நம்மில் பலர் அப்படித்தான் நினைக்கிறோம். அதனால்தான் இந்தப் பேச்சு.

முதலில் ஒரு சிறு சோதனை சொல்கிறோம். தேங்காயின் முதல் பாலைப் பிழிந்து ஒரு கண்ணாடிக் குவளையில் ஊற்றி, மூடி, இரவு முழுதும் ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் மேலே வெண்மையாக ஓர் அடுக்கு கெட்டிப்பட்டிருக்கும். கீழே நீர்த்த பால் நிற்கும். மேலே நிற்பதில் பெரும்பகுதி தேங்காய் எண்ணெய்தான். குருமா கொதிக்கும்போது பால் திரிந்து மேலே மிதக்கிறதே, அதுவும் அதே எண்ணெய்தான். பாலில் அது தண்ணீரோடு கலந்து மறைந்திருக்கிறது, பாட்டிலில் தனியாக இருக்கிறது. வித்தியாசம் அவ்வளவே.

இந்தக் கொழுப்பில் பத்தில் எட்டுப் பங்குக்கும் மேல் நிறைவுற்ற கொழுப்பு. குளிரில் உறைகிற வகை. "தேங்காயில் கொலஸ்ட்ராலே இல்லையே" என்று கேட்பீர்கள். உண்மைதான், இல்லை. ஆனால் நிறைவுற்ற கொழுப்பு அதிகமானால், இரத்தத்தில் ஓடும் எல்டிஎல்லைக் கல்லீரல் வாங்கி அப்புறப்படுத்தும் வேலை மந்தமாகிறது. கொலஸ்ட்ராலை நாம் சாப்பிடாமலே அது இரத்தத்தில் கூடுகிறது.

எவ்வளவு வரை சாப்பிடலாம்? ஒரு நாளைய உணவாற்றலில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பிலிருந்து வரவேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. எல்டிஎல்லைக் குறைக்க வேண்டியவர்களுக்கு அமெரிக்க இதயச் சங்கம் இன்னும் இறுக்கமாக, நூற்றுக்கு 5 முதல் 6 பங்கு என்கிறது. நாளுக்கு 1,600 கலோரி சாப்பிடும் வயதானவருக்கு அது ஏறக்குறைய 11 கிராம். பால் டீ, இறைச்சி, பிஸ்கெட், நெய் எல்லாம் இந்த 11-க்குள் அடங்க வேண்டும்.

இப்போது அந்தக் குருமாவுக்கு வருவோம். நம் கடைத்தெருவில் வாங்கிய நடுத்தரத் தேங்காய் ஒன்றைத் துருவி நிறுத்துப் பார்த்தோம். பூ 250 கிராம் இருந்தது. நூறு கிராம் பச்சைத் தேங்காயில் நிறைவுற்ற கொழுப்பு சுமார் 30 கிராம். ஆக ஒரு தேங்காயில் 75 கிராம். தேங்காயில் இருப்பதைவிட அதிகம் பாலில் வராது. சக்கையில் கொஞ்சம் தங்கிவிடும். எனவே இது உச்சக் கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேர் சமமாகச் சாப்பிட்டால் ஆளுக்கு 15 கிராம் வரை. பெரியவருக்கு இரண்டு கரண்டி கூடுதல் என்றால் இன்னும் மேலே. ஒரு வேளைக் குழம்பிலேயே ஒரு நாளைய அளவு தாண்டிவிடுகிறது.

எண்ணெயைப் பாருங்கள். ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு 11 கிராமுக்கு மேல். அதே அளவு கடலை எண்ணெயிலோ நல்லெண்ணெயிலோ 2 கிராம் சுற்றளவுதான். செக்கில் ஆட்டியதாக இருந்தாலும் தேங்காய் எண்ணெயின் கொழுப்பு மாறாது. ஆனால் எண்ணெயைக் கரண்டியில் அளந்து ஊற்றுகிறோம், பாலை யாரும் அளப்பதில்லை. நம் வீடுகளில் ஆபத்து பெரும்பாலும் பாலில் இருப்பது இதனால்தான். எனவே "பாலா, எண்ணெயா" என்ற கேள்வியை விட்டுவிட்டு, "இந்தச் சட்டியில் எத்தனை தேங்காய், எத்தனை பேருக்கு?" என்று கேளுங்கள்.

பள்ளிவாசல் நோன்புக் கஞ்சிக்கும் இதே கணக்குதான். அண்டாவில் 20 தேங்காய், 300 கோப்பை என்றால் கோப்பைக்கு 5 கிராம் வரை. ஒரு கோப்பையோடு நிறுத்துகிறவருக்குப் பாதகமில்லை. மூன்று கோப்பையும் சமோசாவும் என்றால் கணக்கு போய்விட்டது. சஹனில் சேர்ந்து உண்ணும்போதும் அப்படியே. யார் எவ்வளவு எடுத்தார் என்று தெரியாது. இதய நோயாளிக்கு மட்டும் முதலிலேயே தனிக் கிண்ணத்தில் எடுத்து வைத்துவிடுங்கள்.

மாற்றிச் சமைப்பது எப்படி? ஐந்து பேருக்கு அரைத் தேங்காய் போதும். பாலை இரவே எடுத்து ஃபிரிட்ஜில் வைத்து, மேலே உறைந்ததை வழித்து எடுத்துவிட்டு, அடியில் நிற்கும் பாலில் சமையுங்கள். வழித்ததை அடுத்த வேளைக் குழம்பில் போட்டுவிடாதீர்கள். போட்டால் கணக்கு பழையபடி ஆகிவிடும். குழம்பு கெட்டியாக வர இரண்டு மேசைக்கரண்டி பொட்டுக்கடலையை அரைத்து ஊற்றுங்கள். தாளிப்புக்குக் கடலை எண்ணெய் அல்லது நல்லெண்ணெய், ஆளுக்கு ஒரு தேக்கரண்டி. கொழுப்பை வழிக்காவிட்டாலும் அரைத் தேங்காய்க்கு ஆளுக்கு ஏழரை கிராமுக்கு மேல் போகாது. வழித்தால் அதிலும் நன்றாகக் குறையும். மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் பக்கமிருந்து மீன் வரும் நாளில் புளி கரைத்த குழம்பு வையுங்கள். அதற்குத் தேங்காயே வேண்டாம்.

ஆய்வுகளைக் காட்டி மறுப்பவர்களும் உண்டு. கொச்சியில் நிலையான இதய நோய் உள்ளவர்களுக்கு இரண்டு ஆண்டுகள் தேங்காய் எண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் கொடுத்துப் பார்த்தார்கள். 2016-இல் முடிவு வெளியானது. பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் அவர்கள் எல்லோரும் இதய நோய்க்கான வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்கள், எண்ணெயும் அளவோடு கொடுக்கப்பட்டது. இலங்கையில் தேங்காய்ப்பால் கஞ்சி குடித்தவர்களுக்கு எல்டிஎல் குறைந்ததாக 2013-இல் ஓர் ஆய்வு வந்தது. அவர்கள் ஆரோக்கியமானவர்கள், நோயாளிகள் அல்லர். பல ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்த 2020-ஆம் ஆண்டுத் தொகுப்பு, மற்றத் தாவர எண்ணெய்களைவிடத் தேங்காய் எண்ணெய் எல்டிஎல்லைச் சுமார் 10 புள்ளி உயர்த்துகிறது என்று காட்டியது. கொச்சி ஆய்வைச் சொல்லி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அந்த ஆய்வில் இருந்தவர்கள் சிகிச்சையை விடவில்லை.

இன்னொன்று. அளவைக் குறைத்த எட்டு வாரம் கழித்து எல்டிஎல் பார்த்து, பழைய ரிப்போர்ட்டோடு சேர்த்து மருத்துவரிடம் காட்டுங்கள். இறங்கவில்லை என்றால் சமையலை மட்டும் குறை சொல்ல வேண்டாம். மருந்தின் அளவையும் அவர் பார்க்க வேண்டியிருக்கும்.

அந்த வீட்டில் தேங்காயை விலக்கச் சொல்லவில்லை. அரைத் தேங்காய், தனிக் கிண்ணம், ஒரு கரண்டி என்று மட்டும் சொல்லி வந்தோம். வயிற்றில் மூன்றில் ஒரு பங்கே உணவுக்கு என்பது நாம் அறிந்த நபிவழி. குருமாக் கரண்டிக்கும் அது பொருந்தும்.

வஸ்ஸலாம்.