சம்பளம் 7ஆம் தேதி, தவணை 5ஆம் தேதி

ஒருவருக்குச் சம்பளம் 7ஆம் தேதி வருகிறது; தனிநபர் கடன் தவணையோ 5ஆம் தேதியே வந்து நிற்கிறது. அன்று கணக்கில் பணம் இல்லையென்றால், கடன் கொடுத்த வங்கி ஒரு கட்டணம் போடும். கணக்கு வைத்திருக்கும் வங்கி இன்னொன்று போடும்.

இவர் என்ன செய்யலாம்? கடன் எண்ணைக் குறிப்பிட்டு, சம்பளம் வரவான கணக்கு விவரத்தை இணைத்து, தவணையை 10ஆம் தேதிக்கு மாற்றும்படி எழுத்தில் கேட்கலாம். வங்கி கட்டாயம் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதில்லை. தவணை பாக்கி வைக்காதவர் கேட்டால் எடுபட வாய்ப்பு அதிகம்.

தள்ளிப்போகும் 5 நாளுக்கு வட்டி உண்டு. கடன் பாக்கி 5 லட்சம், வட்டி 12 சதவீதம் என்றால் சுமார் 822 ரூபாய். அது ஒரு தடவைதான்.

தவணை வேறு வங்கிக் கணக்கிலிருந்து போனால், தானாகப் பணம் பிடிக்கப் புது ஒப்புதல் படிவம் கேட்கலாம். அது பதிவாகும்வரை பழைய தேதியே நடப்பில் இருக்கும். அதனால், மாற்றிய தேதியோடு புதிய தவணை அட்டவணை கைக்கு வரும்வரை 4ஆம் தேதியே பணத்தைக் கணக்கில் வைத்துவிடுங்கள்.

"சம்பளத் தேதியை மாற்றச் சொல்லக் கூடாதா?" என்கிறீர்களா? முதலாளியைவிட வங்கி மேலாளரிடம் பேசுவது சுலபம்!