போஸ் எழுப்பிய விஞ்ஞான ஆலயம்

1917ஆம் வருஷம் நவம்பர் 30ஆம் தேதி, தமக்கு 59 வயது நிறைந்த தினத்தில், கல்கத்தாவில் தாம் நிறுவிய ஆராய்ச்சி ஸ்தாபனத்தைத் திறந்து வைத்த ஜகதீச சந்திர போஸ், இது வெறும் ஆய்வுக்கூடமன்று, ஆலயமுமாகும் என்று கூறித் தேசத்துக்கு அர்ப்பணம் செய்தார்.

செடியின் வளர்ச்சியைப் பதினாயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராப் என்ற கருவி அவருடைய சிருஷ்டியே. அதில் செடியோடு பிணைத்த முதல் நெம்புகோல் வளர்ச்சியை நூறு மடங்கும், அதனால் அசைக்கப்படும் இரண்டாவது நெம்புகோல் அதனை மீண்டும் நூறு மடங்கும் பெருக்க, இரண்டாவதன் முனை புகை படிந்த கண்ணாடித் தகட்டில் அதைப் பதிவு செய்கிறது. முனை தகட்டில் ஓயாது உரசினால், உராய்வு அந்த நுண்ணிய அசைவையே தடுத்துவிடும். ஆதலால் தகடு முன்னும் பின்னும் அசைந்து, குறித்த கால இடைவெளியில் மாத்திரம் முனையைத் தொட்டுப் புள்ளியிடுகிறது. புள்ளிகள் நெருங்கினால் வளர்ச்சி மந்தம், விலகினால் துரிதம்.

போஸ் நிறுவிய ஸ்தாபனத்தில் பிறக்கும் கண்டுபிடிப்புகள் யாவும் பிரசுரிக்கப்பட்டுப் பொதுச் சொத்தாகும், அவற்றுக்குக் காப்புரிமை ஒருபோதும் பெறப்படமாட்டாது என்பதையும் அந்தத் திறப்பு விழாவிலேயே அவர் பிரகடனம் செய்தார்.